ஓட்டத்தில் பொருந்தும் இரண்டாம் மண்டலம் ரோயிங் மெஷினில் ஏன் பொருந்தவில்லை?

1. அடிவாரம் கதிர்

அனைவருக்கும் வணக்கம். சேலத்தில் ஏற்காடு அடிவாரத்துக்கு அருகில் வசிக்கிறேன். வயது 46, எடை 78 கிலோ. ஏழு ஆண்டுகளாக ஓடி வருகிறேன். முழங்கால் வலி காரணமாக வாரத்தில் இரண்டு நாள் மட்டும் ஓடினால் போதும் என்று இயன்முறை மருத்துவர் சொல்லிவிட்டார். மீதி நாட்களில் ஜிம்மில் ரோயிங் மெஷினும் படி ஏறும் இயந்திரமும் பயன்படுத்துகிறேன்.

என் இதயத் துடிப்பு மண்டலங்களை நான் 220லிருந்து வயதைக் கழித்துக் கணக்கிடவில்லை. சமதளத்தில் 30 நிமிடம் முழு முயற்சியுடன் ஓடி, கடைசி 20 நிமிடங்களின் சராசரித் துடிப்பை எடுத்தேன். அது 166. அதில் 85 முதல் 89 விழுக்காடு வரை எளிய பயிற்சிக்கான இரண்டாம் மண்டலம் என்று கொண்டால் 141 முதல் 148 வரை வருகிறது. ஓடும்போது இந்த எல்லைக்குள் இருந்தால் உடன் ஓடுபவருடன் முழு வாக்கியமாகப் பேச முடிகிறது.

ரோயிங் மெஷினில் அதே 145ஐப் பிடித்து 40 நிமிடம் வலித்தால் பத்தாவது நிமிடத்திலேயே மூச்சு வாங்குகிறது, தொடை எரிகிறது, மறுநாள் ஓடப் போனால் கால்கள் கனக்கின்றன. படி ஏறும் இயந்திரத்தில் நிலைமை தலைகீழ். கால்கள் மெதுவாகத்தான் நகர்கின்றன. ஆனாலும் நான்கே நிமிடங்களில் துடிப்பு 147ஐத் தொட்டுவிடுகிறது. எந்த எண்ணை நான் நம்ப வேண்டும்?

2. கன்னங்குறிச்சி செல்வம்

கதிர் அண்ணா, ஒருவருக்கு இதயம் ஒன்றுதான். ஆகவே மண்டலமும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். இயந்திரத்துக்கு ஓர் இதயம் கிடையாது. உங்கள் கைக்கடிகாரம் தவறாகக் காட்டுகிறது என்பதே என் கருத்து. ரோயிங்கில் கைப்பிடியை இறுக்கிப் பிடிப்பதால் மணிக்கட்டு மடங்குகிறது, முன்கைத் தசை விறைக்கிறது, தோலின் மேல் ஒளி பாய்ச்சித் துடிப்பை எண்ணும் கருவி தடுமாறுகிறது. எனக்கே ஒருமுறை மூச்சு இரைக்கும்போது 108 என்று காட்டியது. மார்புப் பட்டை ஒன்று வாங்கி அணியுங்கள், எல்லா இயந்திரத்திலும் ஒரே எண் வந்துவிடும்.

3. அடையாறு வாசுகி

செல்வம் தம்பி சொன்னதில் முதற்பாதி சரி, அதைக் கதிர் கட்டாயம் சோதித்துப் பார்க்க வேண்டும். ஓட்டத்திலும் இந்தக் கோளாறு உண்டு. காலடி நிமிடத்துக்கு 170 விழும்போது கடிகாரம் அந்த அதிர்வையே நாடி என்று எண்ணிக்கொண்டு 170 என்று நின்றுவிடும். காலடி எண்ணிக்கையும் துடிப்பும் ஒட்டியபடி நகர்ந்தால் அதை நம்பக் கூடாது.

ஆனால் "இதயம் ஒன்று, ஆகவே மண்டலம் ஒன்று" என்பதை ஏற்க மாட்டேன். நான் சென்னையில் அடையாற்றில் எட்டு ஆண்டுகள் துடுப்பு வலித்தேன், பிறகு இளையவர்களுக்குப் பயிற்சி தந்தேன், இப்போது அஸ்தம்பட்டியில் இருக்கிறேன். மண்டலம் என்பது இதயத்தின் அளவு மட்டும் அன்று. குறிப்பிட்ட ஒரு வேலையில் தசைகள் எந்த இடம்வரை தம் கணக்கை நேர் செய்துகொண்டே போக முடிகிறது, எந்த இடத்தில் லாக்டேட் வெளியேறும் வேகத்தைவிடச் சேரும் வேகம் கூடத் தொடங்குகிறது என்பதை, நாம் எளிதில் எண்ணக்கூடிய துடிப்பின் வழியாகக் குறித்து வைக்கிறோம். வேலை செய்யும் தசை மாறினால் அந்த இடமும் மாறும். கதிரின் தொடைகள் ஏழு ஆண்டுகள் ஓடப் பழகியவை. முழங்காலை மார்பருகே மடக்கி, ஒரே உதையில் முழுதாக நீட்டும் வேலைக்கும், கூடவே முதுகும் தோளும் இழுக்கும் வேலைக்கும் அவை பழகவில்லை. இதயத்தில் இடம் மீதம் இருக்கும்போதே தசை கைவிரித்துவிடுகிறது. அதனால்தான் குறைந்த துடிப்பிலேயே மூச்சு வாங்குகிறது.

இரண்டாவது காரணம் உட்காரும் நிலை. கிணற்றில் நீர் இறைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். வாளி பெரிதானால், அதே அளவு நீருக்கு இறைக்கும் தடவை குறையும். நிமிர்ந்து ஓடும்போது இரத்தத்தில் ஒரு பங்கு கீழ்க்கால்களில் தங்குகிறது. ரோயிங் மெஷினில் கால்கள் இடுப்பின் மட்டத்தில் நீள்வதால் இரத்தம் இதயத்துக்கு எளிதாகத் திரும்புகிறது, ஒரு துடிப்பில் வெளியேறும் அளவு கூடுகிறது, துடிப்பின் எண்ணிக்கை குறைகிறது. யோஷிகா, ஹிகுச்சி என்னும் ஜப்பானிய ஆய்வாளர்கள் 2002இல் வெளியிட்ட கட்டுரையில், டிரெட்மில் ஓட்டத்தைவிடத் துடுப்பு இயந்திரத்தில் துடிப்பு குறைவாக இருப்பதாகவே பதிவு செய்திருக்கிறார்கள்.

கதிர், மூன்று விவரங்கள் வேண்டும். காற்றுத் தடுப்பின் நெம்பு எந்த எண்ணில் இருந்தது? நிமிடத்துக்கு எத்தனை வலிப்பு? படி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்திருந்தீர்களா?

4. சூரமங்கலம் நடராஜன்

எனக்கு வயது 61. இரத்த அழுத்தத்துக்காக மெட்டோப்ரோலால் எடுத்துக்கொள்கிறேன். நான் எந்த இயந்திரத்தில் எவ்வளவு முயன்றாலும் துடிப்பு 118ஐத் தாண்டுவதில்லை. கதிருக்கு 147 என்றால் அவர் இதயம் பலவீனமாக இருக்கிறது என்றுதானே பொருள்? என்னுடைய 118 நல்ல அறிகுறி என்று எடுத்துக்கொள்ளலாமா?

5. அடையாறு வாசுகி

நடராஜன் ஐயா, கதிரின் கேள்வி வேறு. இருந்தாலும் உங்களுக்குப் பதில் சொல்லாமல் போக மனம் வரவில்லை. உங்கள் மருந்து துடிப்பு ஏறுவதையே தடுத்து நிறுத்துவது. ஆகவே 118 என்பது உடல் தகுதியின் அடையாளமும் அன்று, முயற்சி குறைவு என்பதன் அடையாளமும் அன்று. எங்கள் எண் மண்டலங்கள் எதுவும் உங்களுக்குப் பொருந்தாது. மூச்சு வாங்காமல் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா என்பதை அளவாகக் கொள்ளுங்கள், எந்த அளவுவரை முயலலாம் என்பதை உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ரோயிங்கில் உதைக்கும் நொடியில் மூச்சை அடக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. அது அழுத்தத்தைச் சட்டென்று ஏற்றும். உதைத்து இழுக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள்.

6. அடிவாரம் கதிர்

வாசுகி அம்மா கேட்ட விவரங்கள்: நெம்பு 10இல் இருந்தது, அதிக எண் வைத்தால் நல்ல பயிற்சி என்று நினைத்தேன். நிமிடத்துக்கு 28 வலிப்பு. திரையில் 500 மீட்டருக்கு 2:18. படி ஏறும் இயந்திரத்தில் சில நேரம் கைப்பிடியைப் பிடித்தேன், சில நேரம் விட்டேன். அதை ஒரு பொருட்டாக நினைக்கவில்லை.

செல்வம் சொன்னபடி ஒரு மார்புப் பட்டையை இரவல் வாங்கி, கடிகாரத்தையும் சேர்த்து அணிந்து பார்த்தேன். ரோயிங்கில் பட்டை 139 காட்டியபோது கடிகாரம் 112 காட்டியது. படி ஏறும்போது இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன. ஆனால் பட்டையின் 145இலும் ரோயிங் எனக்குக் கடினமாகத்தான் இருந்தது. எனவே கருவியின் தவறு நீங்கிய பிறகும் சிக்கல் மிச்சம் இருக்கிறது.

7. ஃபேர்லேண்ட்ஸ் முரளி

நான் பத்து ஆண்டுகளாக ஜிம் பயிற்சியாளர். இவ்வளவு ஆராய வேண்டியதில்லை. ஓட்டத்தின் மண்டலத்திலிருந்து ரோயிங்குக்குப் பத்து துடிப்பு குறைத்துக்கொள்ளுங்கள், படி ஏறும் இயந்திரத்துக்கு அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் வருபவர்களுக்கு இதையே சொல்கிறேன், பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. ஒவ்வொரு இயந்திரத்துக்கும் 30 நிமிடச் சோதனை செய்யச் சொன்னால் பாதிப் பேர் ஜிம்மையே விட்டுவிடுவார்கள்.

8. அடையாறு வாசுகி

முரளி, வந்த முதல் வாரத்தில் தொடங்குவதற்கு உங்கள் விதி உதவும், அதை மறுக்கவில்லை. ஆனால் அது எல்லோருக்கும் ஒரே எண்ணாக இருக்க முடியாது என்பதுதான் என் கவலை. பல ஆண்டுகள் துடுப்பு வலித்தவருக்கு ஓட்டத்துக்கும் ரோயிங்குக்கும் இடையே இரண்டு மூன்று துடிப்பு மட்டுமே வேறுபடலாம். அவரிடம் பத்தைக் குறைக்கச் சொன்னால் வீணாக மெதுவாக வலிப்பார். புதியவருக்கு வேறுபாடு பத்துக்கு மேலும் போகலாம்; அவர் கதிரைப் போலத் தன்னை அறியாமல் கடினமான மண்டலத்தில் தினமும் உழைப்பார்.

கதிர், நெம்பு 10 என்பது தவறான தொடக்கம். அந்த நெம்பு எடையைக் கூட்டுவதில்லை. சக்கரத்துக்குள் நுழையும் காற்றைக் கூட்டுகிறது. காற்று கூடினால் இரு வலிப்புகளுக்கு இடையே சக்கரம் விரைவாகத் தளர்கிறது, ஒவ்வொரு முறையும் கிட்டத்தட்ட நின்றுபோன வண்டியைத் தள்ளுவதுபோல் ஆகிறது. அந்த இறுக்கத்தில் தசை வழியே இரத்தம் ஓடும் நேரம் குறைகிறது, எரிச்சல் முன்கூட்டியே வருகிறது. திரையில், சக்கரம் எவ்வளவு விரைவாகத் தளர்கிறது என்பதைக் காட்டும் டிராக் ஃபேக்டர் என்னும் எண்ணைப் பார்த்து 115 முதல் 120 வரை வருமாறு நெம்பை இறக்குங்கள். நல்ல நிலையில் உள்ள இயந்திரத்தில் அது நெம்பின் 4 அளவில் கிடைக்கும். வலிப்பு 20 அல்லது 22 போதும்.

பிறகு ஓட்டத்துக்குச் செய்த அதே சோதனையை இதிலும் செய்யுங்கள். 15 நிமிடம் மெதுவாக வலித்து உடலைச் சூடாக்கிய பிறகு, 30 நிமிடம் சீராக, முடிவில் மீதம் எதுவும் இல்லாத அளவுக்கு வலியுங்கள். பத்தாவது நிமிடத்தில் கடிகாரத்தின் லேப் பொத்தானை அழுத்தினால் கடைசி 20 நிமிடங்களின் சராசரி தனியாகக் கிடைக்கும். முதல் ஐந்து நிமிடம் அவசரப்பட்டால் சோதனை கெட்டுவிடும். 500 மீட்டர் நேரம் கடைசியில் ஐந்து நொடிக்கு மேல் தளர்ந்திருந்தால் அந்த எண்ணை வைத்துக்கொள்ளாதீர்கள், நான்கு நாள் கழித்து மீண்டும் செய்யுங்கள். மின்விசிறியை நேராக உங்கள் மேல் வைத்துக்கொள்ளுங்கள். சேலத்துச் சித்திரை வெயிலில் மூடிய அறைக்குள் வலித்தால், வேலை கூடாமலே 40 நிமிடத்தில் துடிப்பு பத்துக்கு மேல் ஏறிவிடும். வியர்வையாலும் தோலுக்குப் போகும் இரத்தத்தாலும் வருவது அது, தசையின் செய்தி அன்று.

9. ஏற்காடு பெனடிக்ட்

எங்கள் எஸ்டேட் விடுதியில் ஒரு ரோயிங் மெஷின் இருக்கிறது. சேலத்தில் நெம்பு 4இல் வலித்துப் பழகியவர்கள் இங்கே அதே 4இல் இலேசாக இருக்கிறது என்கிறார்கள். அப்படியானால் மலையில் செய்யும் பயிற்சி எளிது என்றுதானே ஆகிறது? ஆனால் வந்த முதல் இரண்டு நாள் அவர்களுடைய துடிப்பு கீழே இருந்ததைவிட அதிகமாக இருக்கிறது. இரண்டும் எப்படி ஒன்றுசேரும் என்று எனக்குப் புரியவில்லை.

10. அடையாறு வாசுகி

இரண்டுக்கும் ஒரே வேர்தான், பெனடிக்ட். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், சேலம் 300 மீட்டருக்கும் சற்றுக் குறைவு. மேலே காற்று மெலிந்திருப்பதால் அதே நெம்பில் சக்கரத்துக்கு எதிர்ப்பு குறைகிறது. அதே மெலிந்த காற்று ஒவ்வொரு மூச்சிலும் குறைவான ஆக்சிஜனைத் தருவதால் அதே வேலைக்கு இதயம் அதிகம் துடிக்க வேண்டியிருக்கிறது. இலேசாக இருப்பது கைப்பிடி மட்டுமே. இயந்திரம் ஒவ்வொரு வலிப்புக்குப் பின்னும் சக்கரம் எவ்வளவு விரைவாகத் தளர்கிறது என்பதை அளந்து கணக்கைத் திருத்திக்கொள்வதால், திரையில் வரும் 500 மீட்டர் நேரம் அங்கும் உண்மையானதே. நெம்பைச் சற்று ஏற்றி, கீழே இருந்த அதே டிராக் ஃபேக்டரைக் கொண்டு வாருங்கள். சேலத்தில் எடுத்த துடிப்பு எல்லைகளை முதல் சில நாட்களுக்கு மட்டும் ஒதுக்கி வைத்து, திரையின் நேரத்தையும் மூச்சையும் பார்த்து வலிப்பது நல்லது.

11. அடிவாரம் கதிர்

இரண்டு சோதனைகளையும் ஐந்து நாள் இடைவெளியில் முடித்துவிட்டேன்.

ரோயிங்கில் கடைசி 20 நிமிடச் சராசரி 155. ஓட்டத்தில் 166 இருந்தவனுக்குப் பதினொன்று குறைவு. அதே விழுக்காட்டில் கணக்கிட்டால் இரண்டாம் மண்டலம் 132 முதல் 138 வரை. அதாவது நான் எளிய பயிற்சி என்று எண்ணிப் பிடித்த 145, ரோயிங்கின் கணக்கில் 94 விழுக்காடு. மூன்றாம் மண்டலத்தின் உச்சி. மறுநாள் கால்கள் ஏன் கனத்தன என்பது இப்போது விளங்குகிறது. நேற்று 135ஐப் பிடித்து 40 நிமிடம் வலித்தேன். 500 மீட்டருக்கு 2:30, திரையில் 104 வாட். கடைசிவரை நேரம் தளரவில்லை, அருகில் வலித்தவரோடு பேசவும் முடிந்தது. முன்பு வலித்த 2:18 என்பது 133 வாட். பன்னிரண்டு நொடி வேறுபாட்டுக்குள் இவ்வளவு வேலை ஒளிந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

படி ஏறும் இயந்திரத்தில் கைப்பிடியைத் தொடாமல் செய்த சோதனையில் சராசரி 163. இரண்டாம் மண்டலம் 139 முதல் 145 வரை. ஓட்டத்தோடு ஒப்பிட்டால் இரண்டு மூன்று துடிப்பு மட்டுமே குறைவு. இன்னொன்றையும் பார்த்தேன். நிமிடத்துக்கு 60 படி என்ற ஒரே வேகத்தில், கைப்பிடியில் சாய்ந்து ஏறியபோது 128. கையை எடுத்ததும் மூன்று நிமிடத்தில் 147. திரையில் காட்டிய வேகமும் கலோரியும் மாறவே இல்லை.

ஆனால் மெதுவாக நகரும் கால்களுக்கு 147 ஏன் என்ற கேள்வி அப்படியே இருக்கிறது.

12. அடையாறு வாசுகி

கால்கள் மெதுவாக நகர்கின்றன, ஆனால் உடல் மெதுவாக உயரவில்லை. ஒரு படி 20 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் நிமிடத்துக்கு 60 படி என்பது 12 மீட்டர் உயரம். அந்த வேகத்தில் 100 நிமிடம் ஏறினால் 1,200 மீட்டர், ஏறக்குறைய உங்கள் அடிவாரத்திலிருந்து ஏற்காடு வரையுள்ள உயரம். உங்கள் 78 கிலோவை அவ்வாறு தூக்குவதற்கே 150 வாட்டுக்குச் சற்று மேல் வேண்டும். ஓட்டத்தில் ஒவ்வொரு அடியிலும் குதிகால் தசைநாண் வில்போல் இழுபட்டுச் சிறிது ஆற்றலைத் திருப்பித் தருகிறது. படியில் அந்த உதவி அநேகமாக இல்லை, முழுதும் தசை தூக்க வேண்டும். ஆகவே வேலை உண்மையிலேயே கூடுதல், துடிப்பு அதைச் சரியாகச் சொல்கிறது. இயந்திரத்தின் வேகத்தை நிமிடத்துக்கு 50 படியாக இறக்குங்கள். உங்கள் மண்டலம் அங்கே இருக்கலாம்.

கைப்பிடியில் சாய்ந்தால் எடையின் ஒரு பங்கு கைகளின் வழியே இயந்திரத்துக்குப் போய்விடுகிறது, திரைக்கு அது தெரியாது. ஒரு வேண்டுகோள்: இந்த 150ஐ ரோயிங்கின் 104 வாட்டோடு ஒப்பிட வேண்டாம். ரோயிங் திரை சக்கரத்துக்குப் போன வேலையை மட்டும் எண்ணுகிறது. இருக்கையின் மேல் உங்கள் உடலை முன்னும் பின்னும் நகர்த்தும் உழைப்பை எண்ணுவதில்லை.

13. கன்னங்குறிச்சி செல்வம்

வாசுகி அக்கா, என் கருத்தைப் பாதி திருத்திக்கொள்கிறேன். ஆனால் ஒரு சந்தேகம் விடவில்லை. பதினொன்று குறைந்ததற்குப் பழகாத தசை காரணமா, உட்காரும் நிலை காரணமா? நீங்கள் இரண்டையும் சொன்னீர்கள். தசை என்றால் பழகப் பழக இடைவெளி குறைய வேண்டும். உட்காரும் நிலை என்றால் எத்தனை மாதம் ஆனாலும் அது மாறக் கூடாது.

14. அடையாறு வாசுகி

நல்ல கேள்வி. கதிர் ஆறு வாரம் வலித்த பிறகு ஓட்டம், ரோயிங் இரண்டின் சோதனைகளையும் மீண்டும் செய்யட்டும். ரோயிங்கை மட்டும் சோதித்தால் பொதுவான தகுதி உயர்வா, ரோயிங்கின் உயர்வா என்று பிரித்தறிய முடியாது.

15. அடிவாரம் கதிர் (ஆறு வாரம் கழித்து)

வாரத்தில் மூன்று நாள் ரோயிங், ஒரு நாள் படி, இரண்டு நாள் ஓட்டம் என்று செய்தேன். ஓட்டத்தின் சராசரி 165; ஒன்று குறைந்திருப்பதை நான் மாற்றமாகக் கருதவில்லை. ரோயிங் 155லிருந்து 159 ஆகிவிட்டது. 135 துடிப்பில் முன்பு 2:30 வலித்தவன் இப்போது 2:26 வலிக்கிறேன். ஆகவே பதினொன்று என்ற இடைவெளி ஆறாகச் சுருங்கியிருக்கிறது. பழைய 132–138ஐ விட்டு, 135–142 என்று மாற்றிக்கொண்டேன். என் கடிகாரத்தில் ரோயிங்குக்குத் தனி மண்டலம் வைக்க வழியில்லை என்பதால், அந்த இரண்டு எண்களையும் எச்சரிக்கை ஒலிக்கான எல்லையாக மட்டும் வைத்திருக்கிறேன்.

16. ஃபேர்லேண்ட்ஸ் முரளி

இதைப் படித்துவிட்டு என்னிடம் வரும் நான்கு பேரைச் சம்மதிக்க வைத்துச் சோதித்தேன். இருவருக்கு இடைவெளி ஒன்பது, பத்து. என் விதி பொருந்தியது. கல்லூரியில் கபடி ஆடிய ஒருவருக்கு நான்கு மட்டுமே. ஓட்டம் மட்டுமே தெரிந்த ஒரு பெண்ணுக்குப் பதினாறு. அந்தப் பெண்ணிடம் ஒரு மாதமாகப் பத்து குறைக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன், அவரும் ஒவ்வொரு முறையும் சோர்ந்து போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அது என் தவறு. புதியவர்களுக்கு இனி முதல் வாரம் மட்டும் அந்த விதி; இரண்டாம் வாரத்தில் சோதனை. நான்கு பேரை வைத்து வேறெதுவும் சொல்ல நான் துணிய மாட்டேன்.

17. கன்னங்குறிச்சி செல்வம்

கதிர் அண்ணாவுக்கு நான்கு துடிப்பு தசையால் ஏறியிருக்கிறது என்று ஏற்கிறேன். மிச்சமுள்ள ஆறு முழுவதும் உட்காரும் நிலையால்தானா?

18. அடையாறு வாசுகி

அதை இப்போது சொல்ல முடியாது, தம்பி. ஆறு வாரத்தில் தசை பழகி முடிவதில்லை. என்னிடம் வந்தவர்களில் ஓராண்டு வரை எண் ஏறிக்கொண்டே போனவர்கள் உண்டு. கதிர் கார்த்திகையில் மூன்றாம் முறை சோதிக்கட்டும். அப்போதும் ஆறு அசையாமல் நின்றால் நிலையின் பங்கு என்று கொள்ள எனக்குத் தயக்கம் இராது. ஒன்று மட்டும் கவனியுங்கள், கதிர்: முதல் இரண்டு சோதனைகளும் வெயில் காலத்தில் செய்தவை. கார்த்திகையின் குளிரில் ஓட்டத்தின் எண்ணும் சேர்ந்து இறங்கக்கூடும். ஆகவே அன்றும் இரண்டையும் ஒரே வாரத்தில், நாளின் ஒரே வேளையில் செய்யுங்கள்.